தெளிவாக மறுத்த பிறகும் மனசு ஏன் காத்திருக்கிறது?

“கும்பகோணத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறேன். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் விருப்பத்தைச் சொன்னேன். ‘எனக்கு அப்படி எண்ணம் இல்லை’ என்றுவிட்டாள். எட்டு மாதமாகியும் மறக்க முடியவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா? வேலையை விட்டுவிடலாமா?”

கோளாறு இல்லை, தம்பி. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று தனித்திணையாகவே வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். இந்த ஏக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டாரதி டென்னவ், பொதுவாக ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை அது நீடிக்கும் என்று 1979-இல் எழுதினார். ஆளுக்கு ஆள் மாறும் கணக்குதான். ஆனாலும் எட்டு மாதம் அதிகமில்லை.

இந்த ஏக்கத்தை நீட்டுவது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம்பிக்கையும் சந்தேகமும் கலந்தே இருக்கும்வரை ஏக்கம் தணியாது. மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கதை இது, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தான் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தான் விரும்பிய பெண் பார்த்தாளா என்று மணிக்கொரு தரம் பார்ப்பார். மூன்று நாள் பார்க்காவிட்டால் சோர்ந்துவிடுவார். நாலாம் நாள் பார்த்துவிட்டால் போதும், பழையபடி நம்பிக்கை ஏறிவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒன்றைத்தான் மனசு விடாமல் துரத்தும். அந்தப் பெண்ணோ எல்லோருடைய ஸ்டேட்டஸையும் போலத்தான் தள்ளிக்கொண்டு போயிருப்பாள்.

‘மறந்துவிடு’ என்று அவரிடம் நான் சொல்லவில்லை, அது நடக்காது. அவள் ஸ்டேட்டஸை மியூட் செய்து, தன்னுடையது அவளுக்குத் தெரியாதபடி வைத்தார். அவள் ஏறும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் போனார். முதல் இரண்டு வாரம் தவிப்பு கூடத்தான் செய்தது. பிறகு, காலையில் எழுந்ததும் வரும் நினைப்பு பத்து மணிக்கு வந்தது, அப்புறம் மதியம். குறைகிறது என்பதற்கு இதுதான் அடையாளம்: வலி இருக்கும், இடைவெளி நீளும். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் அவளைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எல்லாம் போச்சு என்று வந்தார். ஒரு வாரத்தில் பழைய இடைவெளி திரும்பிவிட்டது. பின்னடைவு இப்படித்தான் வரும். கூர்மையாக வந்து சீக்கிரம் அடங்கும்.

வேலையை இப்போதே விடாதீர்கள். சம்பளமும் போய், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நினைப்புக்கு இன்னும் இடம் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், முடிந்தால் வேறு செக்ஷன் கேளுங்கள். பேச்சு வேலை அளவில் நிற்கட்டும். நண்பனைத் தூது விட்டு இன்னொரு தரம் கேட்க மட்டும் வேண்டாம். மறுத்தவருக்கும் குற்ற உணர்வும் சங்கடமும் உண்டு என்று 1993-இல் உளவியலாளர் பாமைஸ்டர் குழுவினரின் ஆய்வு காட்டியது. திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்கு அது தொந்தரவு, உங்களுக்குப் புது நம்பிக்கை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.