ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பி

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம் செய்து காட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் கிட் வாங்கலாமா? ஆபத்து வராமல் எப்படி நடத்துவது?

கிட் வேண்டாம். அதில் பல்பைத் திருகி வைக்க ஒரு ஹோல்டர் இருக்கும். பிள்ளை பார்க்க வேண்டிய இடத்தை அந்த ஹோல்டர்தான் மூடி மறைக்கிறது. சிவப்பு ஒயரை இங்கே, கறுப்பு ஒயரை அங்கே என்று மாட்டினால் பல்பு எரியும், எல்லோரும் கை தட்டுவார்கள். ஏன் எரிந்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கிட் விற்பவர்கள் சண்டைக்கு வரலாம். பாலக்கோடு பக்கத்துக் கிராமப் பள்ளியில் நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் முப்பது பிள்ளைகளும் ஒரு மேசையும் என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்று பேருக்கு ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன டார்ச் பல்பு, ஒரு சாண் கம்பி போதும். ஒரே கம்பிதான், இரண்டாவது கிடையாது. கையில் கொடுப்பதற்கு முன் பலகையில் நான்கு படம் வரையுங்கள். முதல் படத்தில் பல்பின் அடிப்புள்ளி பேட்டரியின் மொட்டு மேல் நிற்கிறது, கம்பியே இல்லை. இரண்டாவதில் பல்பு அப்படியே நிற்க, பேட்டரியின் அடியிலிருந்து வரும் கம்பியும் அதே அடிப்புள்ளியைத் தொடுகிறது. மூன்றாவதில் அந்தக் கம்பி பல்பின் பக்கவாட்டு உலோகத்தைத் தொடுகிறது. நான்காவது, மூன்றாவது படத்தைத் தலைகீழாக்கியது: பல்பு பேட்டரியின் தட்டையான அடியில், கம்பி மொட்டிலிருந்து பல்பின் பக்கவாட்டுக்கு.

எது எரியும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகே பொருளைக் கொடுங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள். முதல் வரிசை தூக்கினால் கடைசி வரிசையும் தூக்கும். என் வகுப்பில் பாதிக்கு மேல் முதல் படத்தைத்தான் எழுதினார்கள். காரணம் நியாயமானது. வீட்டு டேபிள் ஃபேனுக்கு ஒரே ஒயர்தான் போகிறது, அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பழைய ஃபேன் ஒயரில் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே தனித்தனியாக இரண்டு கம்பி ஓடுவதைக் காட்டினேன். அதன் பிறகு பல்பைக் கண்ணருகே வைத்துப் பார்க்கச் சொன்னேன். மெல்லிய இழையை இரண்டு கால்கள் தாங்குகின்றன. ஒரு கால் அடிப்புள்ளியில் முடிகிறது, மற்றது பக்கவாட்டு உலோகத்தில். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு வளையம். இதைப் பார்த்ததும் மூன்றாவது படத்தை ஒரு பாப்பா விரலால் கோடு இழுத்துக் காட்டிவிட்டாள்: மொட்டு, புள்ளி, இழை, பக்கவாட்டு, கம்பி, பேட்டரியின் அடி. நான்காவதும் எரிந்தபோதுதான் வகுப்பில் இரைச்சல். தலைகீழாக வைத்தால் எரியாது என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது படத்தில் கவனமாக இருங்கள். அது ஷார்ட் சர்க்யூட். மின்சாரம் இழைக்குள் போகாமல் கம்பி வழியாகவே திரும்பிவிடும், பல்பு எரியாது, கம்பி சுடும். 'பத்து வயதுக்கு இதெல்லாம் எதற்கு' என்று யாராவது எழுதுவார்கள். சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் அதைச் செய்துதான் பார்ப்பார்கள். சாதாரண டார்ச் பேட்டரியில் விரல் சுடும் அளவோடு நின்றுவிடும் என்பதால், 'சூடு தெரிந்தால் உடனே விடு' என்பதையே முதல் விதியாக வைத்தேன். அல்கலைன் பேட்டரி இன்னும் வேகமாகச் சூடேறும், வாங்காதீர்கள். பழைய செல்போன் பேட்டரியைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள், அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அதன் இரண்டு முனையையும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கலாம். டிராக்டர் பேட்டரி 12 வோல்ட்தானே என்பார்கள் பெற்றோர். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சும் அளவுக்கு அதிலிருந்து மின்சாரம் பாயும்.

கம்பிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டால் செப்புக் கம்பித் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள். அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை என்றால் எப்படித் தொட்டாலும் எரியாது. தேய்த்த கம்பி ஒன்று, தேய்க்காதது ஒன்று என்று கொடுத்து, எது எரியும் என்று கேட்பதே ஒரு நல்ல கேள்வி.

இதற்கு நடுவே மேலதிகாரிகளிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி வரும்: 'மிக அவசரம், இன்று 11 மணிக்குள் விவரம் அனுப்பவும்'. போன வாரம் அனுப்பிய அதே விவரம்தான், படிவத்தின் தலைப்பு மட்டும் மாறியிருக்கும். பல்பு எரியும் நேரத்தில் வாத்தியார் குனிந்து செருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சொன்னால் 'உங்களுக்குத்தான் மே மாதம் முழுக்க லீவு ஆயிற்றே' என்பார்கள். போகட்டும்.

உண்மையான பாதுகாப்புப் பாடம் ஒரு பையன் கேட்ட கேள்வியில்தான் வந்தது. "சுற்று முழுமையானால்தான் மின்சாரம் போகும் என்கிறீர்களே சார், கொல்லையில் ஒரே கம்பியைத் தொட்ட யானை ஏன் செத்தது?" 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே, நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகக் கட்டிய மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி.

பேட்டரி பாடத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் விழிப்புடன் இருக்க வேண்டும். 'இரண்டு கம்பி தொட்டால்தான் சுற்று' என்று படித்த பிள்ளை, ஒற்றைக் கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடும். பலகையில் டிரான்ஸ்பார்மர் வரைந்தேன். அதிலிருந்து வரும் கம்பிகளில் ஒன்றை அங்கேயே மண்ணுக்குள் புதைத்து எர்த் செய்திருப்பார்கள். ஆகவே தரையே ஒரு கம்பிதான். மின்சாரம் வேலிக் கம்பி, யானையின் உடம்பு, கால், மண், டிரான்ஸ்பார்மர் என்று சுற்றை முடித்துவிடுகிறது. நம் பேட்டரி மண்ணோடு இணைக்கப்படவில்லை, அதனால்தான் அங்கே ஒரு முனையைத் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. 'அப்படியானால் கம்பி மேல் உட்கார்ந்த மைனா?' என்று திருப்பிக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரே குரலாக வந்தது: "கால் மண்ணில் படவில்லை சார்!"

அதன் பின் விதிகளை அவர்களே சொன்னார்கள், நான் எழுதினேன். பிளக் துளையில் கம்பி கூடாது. ஈரக் காலோடு மோட்டார் பெட்டிப் பக்கம் போகக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி ஒற்றையாக இருந்தாலும் கிட்டே போகாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நான் சேர்த்தது ஒன்று மட்டும்: இந்தச் சோதனையை வீட்டில் செய்தாலும் டார்ச் பேட்டரி தவிர வேறெதிலும் செய்யக் கூடாது.

நான் மின் பொறியாளர் இல்லை. மண் கடத்துவதை இதைவிட நுட்பமாக விளக்கத் தெரிந்தவர்கள் விளக்கலாம். பத்து வயதுக்கு இது போதும் என்பது என் கருத்து.

பல்பு வாங்கும்போது அதன் உலோகப் பகுதியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 2.5 வோல்ட் பல்பு ஒரு பேட்டரியில் மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில்தான் எரியும், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாருங்கள். எரியவில்லை என்று 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் ஒரு நொடியில் இழை அறுந்துவிடும். எல்இடி பல்பை வாங்கி வந்துவிடாதீர்கள். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், முனை மாற்றி வைத்தால் எரியவும் எரியாது, நான்காவது படம் கெட்டுவிடும். இழை பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. தர்மபுரி பஸ் நிலையம் பக்கத்துப் பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் கூடுதலாகவே வாங்கி வையுங்கள், பிள்ளைகள் கையில் நாலைந்தாவது உடையும்.