மாதாந்திரப் புத்தகப் பெட்டி: விலைக் கணக்கும் விலகும் வழியும்

“என் மகளுக்கு 10 வயது. ஆங்கிலப் புத்தகங்களை ஆசையாக வாசிப்பாள். தமிழ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான். மாதந்தோறும் புத்தகப் பெட்டி அனுப்பும் இரண்டு நிறுவனங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மாதம் 850 ரூபாய். இரண்டு புத்தகங்களும் சில பரிசுப் பொருட்களும் வரும். பெட்டியின் மதிப்பு 1,500 ரூபாய் என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 4,200. மற்றதில் மாதம் 550 ரூபாயும் அஞ்சல் செலவு 80 ரூபாயும். ஒரே புத்தகம்தான், ஆனால் அவர்கள் காட்டும் நான்கில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம், வேண்டாத மாதத்தைத் தள்ளிவிடலாம். முதலாவதுதான் லாபம் என்று தோன்றுகிறது. பிடிக்காமல் போனால் பணம் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது. எதில் சேரலாம்?”
— ஒரு வாசகி, மதுரை

பெட்டியின் மதிப்பு என்று விளம்பரத்தில் போடும் தொகையை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. இரண்டு பேப்பர்பேக் புத்தகங்களின் அட்டை விலை 350, 299 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 649 ரூபாய்தான் வரும். மீதி 851 ரூபாயைப் புத்தகக்குறி, ஸ்டிக்கர், சாவிக்கொத்து போன்றவற்றின் தலையில் ஏற்றியிருப்பார்கள், அல்லது இறக்குமதிப் புத்தகமாக இருந்தால் அதன் வெளிநாட்டு விலையை ரூபாய்க்கு மாற்றி எழுதியிருப்பார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது அட்டை விலையைக்கூட அல்ல, அதே புத்தகத்தை நீங்களே வாங்கியிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்பதை. சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகக் கிடைக்கும் 10 சதவீதக் கழிவையே அளவாகக் கொள்ளலாம். இணையக் கடைகளில் ஆங்கிலப் புத்தகங்களுக்கு இன்னும் கூடுதலாகவே கிடைப்பதுண்டு.

அந்த அளவின்படி, முதல் பெட்டியில் வரும் இரண்டு புத்தகங்களின் விலை ஏறக்குறைய 584 ரூபாய். நீங்கள் கொடுப்பது 850. இரண்டாவதில் 399 ரூபாய்ப் புத்தகம் ஒன்று வருகிறது என்று கொண்டால் அதன் விலை 359. நீங்கள் கொடுப்பது 630. இரண்டு இடத்திலும் புத்தகத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது மாதம் 270 ரூபாய் அளவில்தான் இருக்கிறது. ஆகவே, அந்த 270 ரூபாய்க்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம். முதலாவதில் பரிசுப் பொருட்களும் திறக்கும்வரை தெரியாத ஆவலும் கிடைக்கின்றன. இரண்டாவதில் யாரோ சலித்து வைத்த நான்கிலிருந்து உங்கள் மகள் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கிறது. இதில் வரிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தனித்தனியே விற்கக்கூடிய பல பொருட்களை ஒரே விலையில் கலந்து விற்றால் அவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும் என்பது சட்டம். பரிசுப் பொருள் சேர்வதால் புத்தகத்துக்கும் வரி கட்டும் நிலை வரலாம் என்பதால், பில்லில் எது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, கணக்கைத் திருப்பிப் போடும் அம்சத்துக்கு வருவோம். வரும் புத்தகங்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், உங்கள் மகள் உண்மையில் வாசிக்கப்போகும் புத்தகங்களின் எண்ணிக்கையால் விலையை வகுக்க வேண்டும். முதல் நிறுவனத்திடம் கடந்த ஆறு மாதங்களில் இந்த வயதுப் பிரிவுக்கு அனுப்பிய பன்னிரண்டு புத்தகங்களின் பட்டியலைக் கேளுங்கள். அதை மகளோடு உட்கார்ந்து பார்த்து, வீட்டிலோ பள்ளி நூலகத்திலோ ஏற்கெனவே வாசித்தவற்றையும், அவள் வயதுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகிவிட்டவற்றையும் அடித்துவிடுங்கள். ஆறு மிஞ்சினால், மாதாமாதம் கட்டும் 5,100 ரூபாயில் வாசிக்கும் புத்தகம் ஒன்றின் விலை 850 ஆகிறது. மொத்தமாகக் கட்டிய 4,200-இல்கூட 700 ஆகிறது. இரண்டாவது நிறுவனத்தில் அவளே எடுப்பதாலும் நான்கும் பிடிக்காத மாதத்தைத் தள்ளிவிடலாம் என்பதாலும் 630 என்பது 630-ஆகவே நிற்கும். முதலாவது மலிவாக வேண்டுமானால், மொத்தக் கட்டணத் திட்டத்தில் பன்னிரண்டில் ஏழு புத்தகங்களாவது தேற வேண்டும். மாதக் கட்டணத்தில் ஒன்பது தேற வேண்டும். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரே பெட்டி என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், நிறைய வாசிக்கும் ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு ஒன்பது தேறுவது கடினம் என்றே நினைக்கிறேன். நன்றாக வாசிக்கும் குழந்தைக்குத்தான், ஏற்கெனவே வாசித்துவிட்ட காரணத்தாலேயே, இத்தகைய பெட்டி நஷ்டமாக முடிகிறது.

பழைய பட்டியலைத் தர மறுத்தால், ‘ஆச்சரியம் கெட்டுவிடும்’ என்று அவர்கள் சொல்லும் காரணத்தை ஏற்காதீர்கள். போன மாதங்களின் பெட்டிகள் எல்லாம் பிரிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் கெடுவதற்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

பட்டியல் கைக்கு வந்ததும் தேர்வின் தரத்தையும் அதிலிருந்தே படிக்கலாம். தேர்ந்தெடுப்பவர் யார் என்ற பெயரும், இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தோம் என்ற இரண்டு வரிக் குறிப்பும் இருந்தால் அங்கே ஒருவர் உண்மையிலேயே வாசித்துத் தேர்கிறார் என்று நம்பலாம். பதிப்பகங்களின் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். துலிகா, தாரா, பிரதம் புக்ஸ், ஏகலவ்யா போன்ற நம் நாட்டுக் குழந்தைநூல் பதிப்பகங்களும் பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்களும் கலந்து வந்தால் தேடல் நடந்திருக்கிறது. எந்தப் புத்தகக் கடையிலும் முன்மேசையில் கிடக்கும் தொடர்கதைகளே மாதாமாதம் வந்தால் அந்த 270 ரூபாய் வீண். அவற்றை நீங்களே வாங்கிவிடலாம். எல்லாமே ஒரே பதிப்பகத்துடையவையாகவும், பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவையாகவும், தொடரின் மூன்றாம் நான்காம் பாகங்களாகவும் இருந்தால் தேங்கிய சரக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பொருள். பக்கங்களின் கீழ் விளிம்பிலோ மேல் விளிம்பிலோ மார்க்கர் பேனாவால் இழுத்த கோடு அல்லது புள்ளி இருந்தால், அது விற்காமல் மலிவாகத் தள்ளிவிடப்பட்ட பிரதி என்பதற்கான அடையாளம். அப்படிப்பட்ட புத்தகம் வாசிக்கத் தகாதது அல்ல. அதை முழு விலைக் கணக்கில் உங்கள் தலையில் கட்டுவதுதான் தவறு.

விலகும் நிபந்தனையில், ‘எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்’ என்ற வாசகம் இரண்டு வெவ்வேறு பொருளில் வழங்குகிறது. மாதக் கட்டணத்தில் அது அடுத்த பெட்டியிலிருந்து விலகுவதைக் குறிக்கும். மொத்தமாகக் கட்டிய திட்டத்தில் பெரும்பாலும் அது ஆறு மாதம் முடிந்தபின் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்துவதை மட்டுமே குறிக்கும். கட்டிய பணம் திரும்பாது. உங்கள் உதாரணத்தில் ஐந்து பெட்டிகளை மாதக் கட்டணத்தில் வாங்கினால் 4,250 ரூபாய், நான்கு என்றால் 3,400. ஐந்து மாதமாவது நிச்சயம் தொடர்வீர்கள் என்றால்தான் 4,200 கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது பெட்டியோடு மனம் விட்டுப்போய், பணமும் திரும்பாது என்றால் நான்கு புத்தகங்களுக்கு 4,200 கொடுத்ததாக ஆகும். திருப்பித் தருவோம் என்கிற நிறுவனமும் அனுப்பிய பெட்டிகளைச் சலுகை விலையில் கழிக்காமல் 850 வீதம் கழித்தே மீதியைத் தரக்கூடும். அப்படியானால் இரண்டு பெட்டிக்குப் பின் விலகினால் 2,500 கைக்கு வரும். இந்த இரண்டில் எது நடக்கும் என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்வது பின்னால் பயன்படாது.

மாதக் கட்டணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டி கட்டும் வேலை முந்தைய மாதத்திலேயே தொடங்கிவிடுவதால், ரத்து செய்யவோ மாதத்தைத் தள்ளவோ ஒரு கெடு நாள் இருக்கும். முந்தைய மாதம் 20-ஆம் தேதி என்று அது இருக்கலாம். கெடுவைத் தாண்டினால் இன்னொரு பெட்டி வந்தே தீரும். நல்லவேளையாக, கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அனுமதியை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆட்டோபே அனுமதி கேட்கும் திரையில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று காட்டப்படும். மாதம் 850 எடுக்க வேண்டிய இடத்தில் 5,000 வரை அனுமதி கேட்டால், பின்னால் விலையை ஏற்றினாலும் உங்களிடம் மறுபடி ஒப்புதல் கேட்காமல் எடுக்க அது வழிவிடும். அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். ஆட்டோபேயை நிறுத்துவது பணம் போவதைத் தடுக்கும், ஆனால் ஒப்பந்தத்தை முடிக்காது. ஆகவே அதோடு கூடவே ரத்து செய்வதாக நிறுவனத்துக்கும் எழுதிவிட வேண்டும்.

சேருவதை ஒரே சொடுக்கில் வைத்துவிட்டு, விலகுவதற்கு மட்டும் அலைபேசியில் அழை, காரணம் சொல், மேலாளர் கூப்பிடுவார் என்று அலைக்கழித்தால், அது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சந்தாப் பொறி என்று பெயரிட்டே தடைசெய்யப்பட்ட செயல். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

நீங்கள் சொல்லும் நிலையில் நான் இரண்டாவது நிறுவனத்தையே தேர்ந்தெடுப்பேன். அதிலும் மூன்று மாதங்களுக்கு மேல் முன்பணம் கட்ட மாட்டேன். முதலாவதன் மேல் மகளுக்கு ஆசை இருந்தால், பிறந்தநாளுக்கு ஒரே ஒரு பெட்டியைத் தனியாக விற்பார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் விற்பார்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை அலைபேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள், ஏனெனில் நசுங்கிய அல்லது பக்கம் விடுபட்ட புத்தகத்தை மாற்றித்தர அதைத்தான் ஆதாரமாகக் கேட்கிறார்கள்.

தமிழுக்கு மட்டும் எந்தப் பெட்டியும் வேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கு ஏற்ற மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் விலை குறைந்தவை. பெட்டியாக வாங்கினால் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி அட்டைப்பெட்டிக்கும் கூரியருக்குமே போய்விடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவளுக்கு எந்த நிலை சரியாக வருகிறது என்று அதில் பார்த்துக்கொண்டு, மதுரைப் புத்தகத் திருவிழாவில் அந்த அளவில் பத்துப் புத்தகங்களை அவள் கையாலேயே எடுக்கச் செய்யுங்கள்.