படமாக மட்டுமே உள்ள சான்றிதழில் பெயரைத் திருத்துவது எப்படி?

பள்ளி விழாச் சான்றிதழின் மாதிரி JPG படமாக மட்டும்தான் இருக்கிறது. அதில் 'குமரன்' என்பதற்குப் பதில் 'குமாரன்' என்று வந்துவிட்டது. எழுத்தைச் சொடுக்கினால் திருத்த முடியவில்லையே, ஏன்?

அந்தப் படத்தில் எழுத்து என்று எதுவுமே இல்லை, நிறப்புள்ளிகள்தான் இருக்கின்றன. படமாகச் சேமிக்கும்போது பின்னணி, கரை, பெயர் எல்லாம் ஒரே அடுக்காகிவிடும். சுவரில் பெயின்டால் எழுதிய பெயர் மாதிரிதான்: முதலில் மேலே பூசி மறைக்க வேண்டும், அப்புறம் புதிதாக எழுத வேண்டும்.

'மா'வில் உள்ள துணைக்காலை மட்டும் அழித்தால் நடுவில் இடைவெளி விழும். எனவே முழுப் பெயரையும் மறையுங்கள். GIMP போன்ற மென்பொருளில் படத்தைத் திறந்து, பெயருக்குப் பக்கத்திலேயே வெறுமையாக உள்ள பட்டையை நகலெடுத்துப் பெயரின் மேல் ஒட்டுங்கள். பின்னணி நிறம் மேலிருந்து கீழாக மாறினால், பட்டையை அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும்; இல்லையென்றால் ஒட்டு தெரியும். எழுத்தோரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். JPG-யில் எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்கு படிந்திருக்கும், அதையும் சேர்த்து மறையுங்கள்.

பிறகு சரியான பெயரைத் தனி அடுக்கில் தட்டச்சு செய்யுங்கள். அதே எழுத்துரு கிடைக்காவிட்டால், அந்த வரி முழுவதையும் புது எழுத்துருவில் எழுதுவதே கண்ணை உறுத்தாது. அடுக்குகளைத் தனித்தனியாகவே வைத்திருக்கும் GIMP-இன் XCF கோப்பாகவும் ஒரு பிரதி வையுங்கள், அடுத்த முறை பெயரை மட்டும் மாற்றலாம். அச்சுக்கு PNG போதும்.

படத்தை PDF ஆக மாற்றினால் எழுத்து திருத்தக்கூடியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெறுமனே மாற்றினால் அதே படம்தான் PDF-க்குள் உட்கார்ந்திருக்கும்.