இருட்டு டம்ளர்லயும் இலைத்துண்டு ஏன் ஏறுது?

"சார், நாங்குநேரி பக்கம் ஒரு ஸ்கூல்ல பயாலஜி எடுக்கேன். ஒளிச்சேர்க்கைய காட்ட பாலக்கீரைய பஞ்ச் பண்ணி இலைத்துண்டு மிதக்குற சோதனை செஞ்சோம். ஆப்பசோடா போட்ட டம்ளர்ல 10 துண்டும் ஏறிருச்சு. வெறும் போர் தண்ணி டம்ளர்லயும் 6 ஏறிருச்சு, கருப்புத்துணி சுத்தி மூடுனதுல கூட 2 ஏறுச்சு. மூணும் மொட்டை மாடி வெயில்லதான் இருந்துச்சு. எங்க தப்பு?"

டீச்சர், முதல்ல அந்த துண்டு எதுக்கு ஏறுதுன்னு பாத்துருவோம், அது பிடிபட்டா தப்பு தன்னால தெரிஞ்சிரும். இலைக்குள்ள செல்லுக்கு நடுவுல காத்து நிக்குற சந்து நிறைய இருக்கு, அதனாலதான் பறிச்ச இலை தண்ணில மிதக்குது. துண்டையும் ஆப்பசோடா தண்ணியையும் சிரிஞ்ச்ல போட்டு வாய விரலால அடைச்சு இழுக்கும்போது அந்த காத்து வெளிய வந்துரும், விரல எடுத்ததும் அந்த எடத்துல சோடா தண்ணி பூந்து துண்டு முங்கிரும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு சேக்கச் சொல்லுதது எதுக்குன்னா இலை மேல மெழுகு இருக்குல்லா, சோப்பு இல்லாட்டி தண்ணி ஒட்டாது, இலைத்துளை வழியா உள்ளயும் போகாது.

இனிமே வெளிச்சம் பட்டா ஒளிச்சேர்க்கைல ஆக்சிஜன் வருது, ஆனா கார்பன்-டை-ஆக்சைடும் உள்ள போகுதே, ஒண்ணுக்கு ஒண்ணு சரியா போயிராதான்னு பிள்ளைய கேப்பாங்க, கேக்கணும். இங்க கார்பன் வாயுவா இல்ல, ஆப்பசோடால இருக்க பைகார்பனேட்டா தண்ணில கரைஞ்சு கெடக்கு, அது செலவானா சந்துல எந்த காலியிடமும் வராது. ஆனா வெளிய வர்ற ஆக்சிஜன் தண்ணில ரொம்ப கொஞ்சந்தான் கரையும், மிச்சமெல்லாம் குமிழா அந்த சந்துக்குள்ளயே தங்கி தண்ணிய வெளிய தள்ளுது, துண்டு லேசாகி எந்திரிக்கி. இருட்டுல வச்சா இதே கதை தலைகீழா நடக்கும், செல் சுவாசிச்சு ஆக்சிஜன தின்னுரும், அதுல வர்ற கார்பன்-டை-ஆக்சைடு சுலபமா தண்ணில கரைஞ்சு போயிரும், குமிழ் சுருங்கி துண்டு திரும்ப முங்கும்.

இப்ப உங்க 6 துண்டுக்கு வருவோம். எனக்கு சந்தேகம் போர் தண்ணி மேலதான். நம்ம பக்கம் பல எடத்துல வெந்நி வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அது தண்ணில இருக்க பைகார்பனேட்டால வர்ற படிவுதான், அதனால நீங்க வெறும் தண்ணின்னு நெனச்சதே பாதி சோடா தண்ணிதான்! கேன் தண்ணி வாங்கி மூணு டம்ளருக்கும் அதையே ஊத்துங்க. 300 மில்லிக்கு அரைக்கால் டீஸ்பூன் ஆப்பசோடா போதும். கடைல பேக்கிங் பவுடர குடுத்துட்டா வாங்காதீங்க, அதுல புளிப்பும் சேந்திருக்கும், தண்ணில போட்டதும் தானா பொங்கி குமிழ் துண்டுல ஒட்டி மேல தூக்கிரும்.

இருட்டு டம்ளர்ல ஏறுன ரெண்டுக்கு காரணம் வேற, அந்த கருப்புத்துணிதான். மத்தியான வெயில்ல கருப்பு நல்லா சூடேறும், தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்க காத்து சின்னச்சின்ன முத்தா பிரிஞ்சு டம்ளர் சுவர்லயும் இலை ஓரத்துலயும் வெளிப்பக்கமா ஒட்டும். கண்டுபிடிக்கது லேசு, டம்ளர மெல்ல சுத்தி ஆட்டுங்க, வெளிய ஒட்டுன குமிழ்னா உதுந்து துண்டு கீழ போயிரும், உள்ள இருக்க ஆக்சிஜன்னா எவ்வளவு ஆட்டுனாலும் மேலதான் நிக்கும். துணிக்கு பதிலா அலுமினிய ஃபாயில் சுத்துங்க, மாடிய விட்டுட்டு நிழல்ல ஒரு எல்ஈடி பல்பு வச்சு மூணு டம்ளரையும் அதுக்கு ஒரே தூரத்துல வைங்க. இன்னொண்ணு, ஆரம்பத்துலயே சரியா முங்காம நட்டக்குத்தா நின்ன துண்டு எதையாவது சேத்தீங்களா? அதுக்குள்ள பழைய காத்து மிச்சம் இருக்கும், தூக்கிப் போட்டுருங்க. சிரிஞ்ச்ல ரெண்டு மூணு இழுப்புக்கு மேல இழுத்தா இலை நசுங்கிரும், அப்புறம் அது ஏறவே ஏறாது. தடி நரம்பு வர்ற எடத்துல பஞ்ச் பண்ணாதீங்க.

எண்ணும்போது எல்லாமே ஏறுற வரைக்கும் காத்திருந்து அந்த நேரத்த எழுதாதீங்க, கடைசி துண்டு ஒண்ணு எப்பவும் சண்டித்தனம் பண்ணும். நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணி பாதி துண்டு ஏறுன நேரத்த எடுங்க. 8ஆவது நிமிஷம் 4, 9ஆவது நிமிஷம் 6ன்னு வச்சுக்கிடுங்க, அப்ப பாதி நேரம் 8.5 நிமிஷம். வேகமா ஏறுனா இந்த எண் சின்னதாகும், பிள்ளைங்க குழம்பிருவாங்க, அதனால 1ஐ இதால வகுத்து 0.118ன்னு கிராஃப்ல போடுங்க. இது ஆக்சிஜனோட அளவு கெடையாது, ஒரே இலைல வெளிச்சத்த மாத்தி ஒப்பிட மட்டுந்தான் உதவும், பாலக்கீரை எண்ணையும் தடிச்ச வெத்தலை எண்ணையும் பக்கத்துல வச்சு எது வேகம்னு சொல்ல முடியாது.

10ம் ஏறுன பெறவு அந்த டம்ளரயே ஃபாயில் போட்டு மூடி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா லேசா ஆட்டிட்டு எத்தனை முங்கிருக்குன்னு எண்ணச் சொல்லுங்க.