ஸ்பானிஷ் கட்டுரையில் பிழைகளை வகை பிரிப்பது எப்படி?

"எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கும் ஒரு மாணவிக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். அவள் தாய்மொழி தமிழ். ஒரு பக்கக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தேன். தாள் முழுக்கச் சிவப்பு மை. பார்த்ததும் முகம் வாடிவிட்டது. பிழைகளை வகைப்படுத்திச் சொன்னால் நல்லது என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டுமா?"

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாவது வாசிப்பில் பிழையின் அருகே சரியான வடிவத்தை எழுதாமல், ஓரத்தில் ஓர் எழுத்தை மட்டும் குறியுங்கள்: பால் பொருத்தத்துக்கு 'பா', காலத்துக்கு 'கா' என்பதுபோல. கடைசியில் எண்ணிப் பார்த்தால் வகைகள் நான்கைந்தைத் தாண்டுவது அரிது. "என் வீடு சிறியது" என்ற பொருளில் "மி காசா எஸ் பெகேன்யோ" என்று எழுதியவள் இன்னும் மூன்று இடங்களில் பெயரடையின் ஈற்றை மாற்றாமல் விட்டிருந்தால், அது நான்கு பிழையல்ல. ஒரே விதி தெரியாததுதான். "பெகேன்யா" என்று ஓர் இடத்தில் திருத்திக் காட்டிவிட்டு, மற்ற மூன்றையும் அவளையே தேடச் சொல்லுங்கள்.

வகை பிரிக்கும்போது பலர் சறுக்குவது ஓர் இடத்தில். பிழை எங்கே தெரிகிறது என்று பார்க்கிறார்களே தவிர, எதனால் வந்தது என்று பார்ப்பதில்லை. "மே கூஸ்தா லோஸ் லிப்ரோஸ்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'பிடிக்கும்' என்ற பொருளில் வரும் கூஸ்தார் வினையின் ஈறு தவறு; "மே கூஸ்தான்" என்று வர வேண்டும். இதை 'வினை ஈறு' என்ற பெட்டியில் போட்டால், அவள் வினைத் திரிபு அட்டவணையை மறுபடி உருப்போடுவாள். ஆனால் அட்டவணை அவளுக்குத் தெரியும். "எனக்குப் புத்தகம் பிடிக்கும், எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்" என்று தமிழில் 'பிடிக்கும்' மாறுவதே இல்லை; அந்தப் பழக்கம் ஸ்பானிஷுக்குள்ளும் வந்துவிட்டது. ஆங்கில வழியில் யோசிப்பவர்கள் செய்யும் "யோ கூஸ்தோ லா மூசிகா" என்ற பிழையும் இதே பெட்டிதான். "எனக்கு" என்பதுதான் "மே", பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அந்த எழுவாயைப் பார்த்தே மாறும் என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம்.

"பிசிதே மி அபுவேலா" என்பதில் விடுபட்ட "ஆ"வுக்கும் தமிழே கைகொடுக்கும். "பாட்டியைப் பார்த்தேன்" என்போம். "பாட்டி பார்த்தேன்" என்றால் உதைக்கும். ஆனால் "படம் பார்த்தேன்" என்று ஐ உருபு இல்லாமலே சொல்கிறோம். ஸ்பானிஷிலும் குறிப்பிட்ட ஆள் செயப்படுபொருளாக வந்தால் "பிசிதே ஆ மி அபுவேலா". அருங்காட்சியகம் என்றால் "ஆ" இல்லாமல் "பிசிதே எல் மூசெயோ". இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். "அந்தப் படத்தைப் பார்த்தேன்" என்று தமிழில் ஐ வரலாம்; ஸ்பானிஷில் படத்துக்கு "ஆ" போட முடியாது.

காலத்தில் அவசரம் கூடாது. "சிறுமியாக இருந்தபோது தினமும் ஆற்றுக்குப் போவேன்" என்ற பொருளில் "ஃபுயி அல் ரியோ" என்று எழுதியிருந்தால் "இபா" என்று மாற்றலாம். கடந்தகால வழக்கத்துக்கு அதுதான் வடிவம். ஆனால் முடிந்துபோன ஒரு கோடை விடுமுறையைச் சொல்கிறாள் என்றால், "தினமும்" என்று வந்தாலும் "ஃபுயி" சரியே. அங்கே கோடு கிழிப்பதற்கு முன் எதைச் சொல்ல வந்தாய் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. ஓர் இடத்தில் "எல் ப்ரோப்ளேமா" என்று சரியாக எழுதி, அடுத்த பத்தியில் "லா ப்ரோப்ளேமா" என்றால் அது கவனக்குறைவு. அடிக்கோடு போதும், விளக்கம் வேண்டாம். எங்குமே சரியாக வராத வகைகளில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொருளைக் குழப்புவது முதலில், அதிகமுறை வருவது அடுத்து. உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"பாட்டி வீட்டுப் பத்தியில் யார், எங்கே, எப்போது என்பது தடையின்றிப் புரிகிறது. இந்த முறை இரண்டைப் பார்ப்போம். ஒன்று, கூஸ்தார்: மூன்றாம் வரியில் திருத்தியிருக்கிறேன், அதேபோல இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, கண்டுபிடி. இரண்டு, ஆளுக்கு முன் வரும் 'ஆ': ஐந்தாம் வரியைப் பார். காலத்தில் சில இடங்கள் பாக்கி உண்டு. அவற்றை அடுத்த கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்."

பாக்கி இருப்பதை மறைக்காதீர்கள். குறிக்காமல் விட்டதெல்லாம் சரி என்று அவள் எண்ணிவிடக்கூடும். வாக்கியத்தை அழகுபடுத்தும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். இலக்கணப்படி சரியாக இருக்கும் எளிய வாக்கியத்தை நீங்கள் மெருகேற்றி எழுதினால், எது பிழை, எது உங்கள் ரசனை என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியாது.

அடுத்த கட்டுரை வந்ததும் அந்த இரண்டு வகைகளை மட்டும் எண்ணுங்கள். கூஸ்தார் பெரும்பாலும் சரியாக வந்து ஒரு தடவை மட்டும் தவறினால் அதை விட்டுவிட்டுக் காலத்துக்குப் போகலாம். குறையவே இல்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் பெட்டியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை ஏன் அப்படி எழுதினாய் என்று அவளிடமே கேட்டு, வகையை மறுபடி தீர்மானியுங்கள்.