மறந்துபோன வங்கிக் கணக்கு: பத்து ஆண்டுகள் கடந்தால் பணம் எங்கே போகிறது?

கேள்வி: 2006 முதல் 2009 வரை கொழும்பில் படித்தபோது ஒரு கணக்கும், முதல் வேலையில் சம்பளத்துக்காக இன்னொரு கணக்கும் வைத்திருந்தேன். புத்தகங்கள் தொலைந்துவிட்டன, ஒரு வங்கியின் பெயரே மாறிவிட்டது. பணம் அரசாங்கத்துக்குப் போயிருக்குமா, இனித் தேடி எடுக்க முடியுமா?

பதில்:

நீங்கள் வேலை மாறியபோது கணக்கை மூடாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் விட்டேன். சில ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்பவர்கள் இந்தத் தளத்திலேயே வருவார்கள் என்று தெரியும். என் அலைச்சலின் கூலியைக் கணக்கிட்டால் எனக்கு நட்டம்தான். ஆனால் என் பெயரில் உள்ள பணம் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் பணம் எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்கிறேன். 1988 ஆம் ஆண்டின் வங்கித்தொழிற் சட்டத்தில் கைவிடப்பட்ட ஆதனம் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது. பத்து ஆண்டுகளாக வாடிக்கையாளர் கணக்கில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யாமலும், வங்கியோடு எழுத்தில் தொடர்பு கொள்ளாமலும் இருந்தால், அந்த வைப்பு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படுகிறது. அதற்கு வெகு முன்பே வங்கி தன் உள்விதிப்படி கணக்கைச் செயலற்றதாகக் குறித்துவிடும். அந்தக் கட்டத்தில் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கும். கிளைக்குப் போய் அடையாளத்தை நிரூபித்தால் கணக்கு மீண்டும் இயங்கும். மத்திய வங்கிக்குப் போன பிறகும் உரிமை அழிவதில்லை, எடுக்கும் வழிதான் நீள்கிறது. உங்கள் கடைசி நடவடிக்கை 2009 என்றால் பத்து ஆண்டுகள் 2019 இலேயே முடிந்துவிட்டன. ஆகவே கிளையில் "கணக்கு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்ற பதில்தான் கிடைக்கக்கூடும். "கைவிடப்பட்ட ஆதனமாக மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டுள்ளதா?" என்று கேட்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. உட்கம் என்ற இணையத்தளத்தில் பெயரை அடித்தால் எல்லா வங்கிகளிலும் உள்ள உரிமை கோரப்படாத வைப்பு தெரியும் என்று தமிழ்நாட்டுக் காணொளிகள் சில சொல்கின்றன. அது இந்திய ரிசர்வ் வங்கி 2023 இல் தொடங்கிய தளம். இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரியது. நான் இங்கே தேடியபோது ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகத்தான் கேட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். 1995 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் போடிங் இருந்தேன். மஹாபொல உதவிப்பணம் வாங்குவதற்காக ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறந்தேன். முகவரிச் சான்றாக நான் கொடுத்தது, தமிழர்கள் தங்குமிடத்தைப் பொலிஸில் பதிந்துவிட்டு வாங்கி வைத்திருந்த துண்டு. அந்தக் காலத்தில் அதைவிட உறுதியான சான்று என்னிடம் இருக்கவில்லை. கடைசியாகப் பணம் எடுத்தது 2001 மார்ச்சில். மீதி 4,310 ரூபாய். அதன்பின் வீடு மாறி, வேலை மாறி, கணக்கை மறந்தேன். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அம்மாவின் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது பாஸ் புத்தகம் கிடைத்தது.

கிளைக்குப் போனேன். உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அடையாள அட்டையை வாங்கி எண்ணை இட்டுப் பார்த்தவர், "அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை, ஐயா" என்றார். அதோடு எழுந்து வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னிடம் அப்போது இருந்தது பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை. கணக்கைத் திறந்தது பழைய அட்டையில், ஒன்பது இலக்கங்களும் முடிவில் ஓர் எழுத்தும் கொண்ட எண்ணில். இரண்டும் ஒரே எண்ணின் இரு வடிவங்கள்தான்: பழைய எண்ணுக்கு முன் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு சுழியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய எண் வந்துவிடும். கணினிக்கு அது தெரியாது. பழைய எண்ணையும் எழுதிக் கொடுத்தேன், அதிலும் கிடைக்கவில்லை.

பெயரில் தேடச் சொன்னேன். இது நம் ஆட்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி. என் பெயரில் வரும் ழகரத்தையும் ஈற்று மெய்யையும் ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதுவார். புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு எழுத்துக்கூட்டல், அட்டையில் முழுப்பெயராக இன்னொரு எழுத்துக்கூட்டல். பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதைச் சிங்களம் வழியாக ஆங்கிலத்துக்கு மாற்றிப் பதியும் வழக்கம் எத்தனை பேரின் பணத்தை மறைத்து வைத்திருக்கிறதோ! பல அலுவலகங்களில் இது இன்றும் நடக்கிறது. யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை; என்ன எழுத்துக்கூட்டலில் பதிந்திருப்பார்கள் என்று ஊகித்து, மூன்று நான்கு வடிவங்களை எழுதிக்கொண்டு போங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

கடைசியில் உதவியது கணக்கு எண். புத்தகத்தில் ஏழு இலக்கங்கள் மட்டுமே இருந்தன. வங்கி பின்னர் புதிய கணினி முறைக்கு மாறியபோது எண்கள் நீண்டுவிட்டன. பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் கிளையில் இல்லை, தலைமை அலுவலகத்தில் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பி இரண்டு வாரங்களில் பதில் வந்தது. கணக்கு இருந்தது, 2011 இல் பத்து ஆண்டுகள் நிறைவடைந்து, பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தது. அதற்கு முன் அறிவித்தல் கடிதமும் அனுப்பியிருந்தார்கள், வெள்ளவத்தை போடிங் முகவரிக்கு. அந்த வீட்டு அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கடிதம் யார் கைக்குப் போனதோ தெரியாது.

உரிமை கோரலை மத்திய வங்கியிடம் நேராகக் கொடுக்காமல், கணக்கு இருந்த வங்கி மூலமே கொடுத்தேன். கோரிக்கைக் கடிதம், பாஸ் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றோடு, இரு எழுத்துக்கூட்டலும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசி ஒன்றும், கிராம அலுவலரின் சான்றிதழும் கேட்டார்கள். நான் முதலில் தந்த சத்தியக்கடதாசியைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் பழைய அடையாள அட்டை எண் இடம்பெறவில்லை. இரண்டாம் முறை பெயரின் இரு வடிவங்கள், எண்ணின் இரு வடிவங்கள், பழைய முகவரி, இன்றைய முகவரி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். அதன்பின் நான்கு மாதங்களில் வட்டியோடு 6,870 ரூபாய் என் இன்றைய கணக்குக்கு வந்தது. எந்தக் கையூட்டும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. நீங்கள் வட்டி எந்தக் காலத்துக்கு, எந்த வீதத்தில் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். நான் கேட்கத் தவறிவிட்டேன்.

என் சம்பளக் கணக்கு நான் எதிர்பார்த்தபடி முடியவில்லை. இது வேறொரு வங்கி. இன்று வேறு பெயரில் இயங்குகிறது. வங்கி இணைந்தாலோ விற்கப்பட்டாலோ வைப்புகள் புதிய வங்கியின் பொறுப்புக்குப் போகும். கிரின்ட்லேஸ் வங்கியின் கணக்குகள் 2000 ஆண்டளவில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டுக்குப் போனதும், டி.எஃப்.சி.சி. வர்தன வங்கி 2015 இல் தாய் வங்கியோடு இணைந்ததும் அப்படித்தான். எனவே பெயர் மாறியது உங்களைத் தயங்க வைக்க வேண்டியதில்லை. என் கணக்கில் குறைந்தபட்ச மீதி இல்லாததால் மாதாந்தக் கட்டணம் சேமிப்பைத் தின்று தீர்த்திருந்தது. மீதி சுழியமானதும் கணக்கை மூடியிருந்தார்கள். கணக்குக் கூற்றுக் கேட்டால் பதிவேடு இல்லை என்றார்கள். வங்கிகள் இத்தகைய பதிவுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்று 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் சொல்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்ட கணக்கைப் பற்றி வாதாட உங்களிடம் தாள் ஏதும் இல்லாவிட்டால், அதைவிட்டு நகர்வதே நல்லது.

புத்தகம் தொலைந்தாலும் தடயங்கள் இருக்கும். பழைய சம்பளச் சிட்டையில் வங்கியும் கிளையும் இருக்கலாம். அதே நிறுவனத்தில் வேலை செய்த பழைய சகபாடி ஒருவரைக் கேட்டால் சம்பளம் எந்தக் கிளைக்குப் போனது என்று சொல்லிவிடுவார். நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே கிளையில்தான் கணக்குத் திறந்து கொடுக்கும். உங்கள் படிப்புக்கால வங்கி எது என்று நினைவில்லை என்றால், வளாகத்துக்கு அருகே அன்று எந்தக் கிளைகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் வராது.

ஊழியர் சேமலாப நிதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் செலுத்திய எட்டு வீதமும் முதலாளி செலுத்திய பன்னிரண்டு வீதமும் வங்கி வைப்பு அல்ல. பத்து ஆண்டு விதி அதற்கு இல்லை. பெண்கள் ஐம்பதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்திலும் தொழிற் திணைக்களம் வழியாக எடுப்பது அது. அதிலும் உங்கள் பழைய அங்கத்துவ எண்ணோடு இன்றைய அடையாள அட்டை எண் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்து வையுங்கள்.

கிளையில் வாய்மொழியாகக் கிடைக்கும் "இல்லை" என்பதை ஏற்க வேண்டாம். இரண்டு அடையாள எண்களும் எல்லாப் பெயர் வடிவங்களும் எழுதிய கடிதத்தை நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அந்தப் பிரதியோடு முறையிடலாம். என் கடிதத்துக்கு மூன்றாம் வாரத்தில் பதில் வந்தது. முதலில் கவுன்டரில் வாயால் கேட்டிருந்த இரண்டு தடவைகளுக்கும் எந்தப் பதிவும் கிளையில் இல்லை.