மணல் விளையாட்டில் ஒரு கட்டத்துக்கான விதிகள்

மணல் கொட்டும் விளையாட்டுகளில் மணல், தண்ணீர், நெருப்பு எல்லாம் எப்படி இயங்குகின்றன? நான் எழுதியதில் மணல் விழுவதே தெரியவில்லை, சட்டென்று தரையில் கிடக்கிறது.

திரை முழுக்கக் கட்டங்கள், ஒரு கட்டத்தில் ஒரே பொருள். மணலுக்கு விதி இவ்வளவுதான்: கீழே காலியா, இறங்கு. இல்லையா, கீழ் இடதிலோ கீழ் வலதிலோ இடமிருந்தால் சரிந்து போ. அதுவும் இல்லையென்றால் நில்.

நீங்கள் மேலிருந்து கீழாகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். 3ஆம் வரிசை மணலை 4க்கு இறக்கியதும் அடுத்து 4ஆம் வரிசைக்குப் போய், அதே மணலை மறுபடி இறக்குகிறீர்கள். ஒரே ஃபிரேமில் அது தரையைத் தொட்டுவிடும். கீழ் வரிசையிலிருந்து மேலே வாருங்கள், சரியாகிவிடும். ஆனால் புகை மேலே போகிற பொருள், அதற்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். அதனால் நகர்ந்த கட்டத்தில் 'இந்த ஃபிரேமில் நகர்ந்தாயிற்று' என்று குறித்துவைப்பதே நல்லது.

தண்ணீருக்கும் மணலின் விதிதான், கூடவே பக்கவாட்டிலும் நகரும். எப்போதும் இடப்பக்கத்தையே முதலில் பார்த்தால் குளமே இடப்பக்கம் ஒதுங்கும், அதனால் பக்கத்தை ரேண்டமாகத் தேர்ந்தெடுங்கள். ஃபிரேமுக்கு ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தால் தேன் மாதிரி மெதுவாகத்தான் பரவும், நாலைந்து கட்டம் போகவிடுங்கள். மணல் தண்ணீரில் மூழ்க, இரண்டும் இடம் மாறிக்கொண்டால் போதும்.

நெருப்புக்கு ஆயுள் வேண்டும். 40 ஃபிரேம் ஆயுள், பக்கத்து மரக்கட்டம் பற்ற ஒவ்வொரு ஃபிரேமிலும் 5% வாய்ப்பு என்று வைத்தால், அணைவதற்குள் அது பற்றிக்கொள்ளும் சாத்தியம் சுமார் 87%. அதையே 1% ஆக்கினால் 33%தான், மெல்லிய குச்சி பாதியிலேயே அணைந்துபோகும்.